வேலை நெருக்கும் வாரத்திலும் புது வாடிக்கையாளர்களைத் தேடுவது

"கிருஷ்ணகிரியில் தனியாக லேபிள் டிசைன் செய்கிறேன். வேலை வந்தால் புது வாடிக்கையாளர் தேடுவதை விட்டுவிடுகிறேன். முடிந்ததும் கை காலி. வாராவாரம் எப்படித் தொடர்வது?"

வணக்கங்க. நான் தருமபுரியில் இதே தொழில்தான். எனக்கு வேலை கேட்டு அனுப்பும் முதல் மெயிலில் இருந்து அட்வான்ஸ் வர ஆறேழு வாரம் ஆகிறது. அதனால் இன்று விட்ட வாரம் இரண்டு மாதம் கழித்துத்தான் வலிக்கும்.

நேரத்தைத் தின்பது மெயில் அனுப்புவதல்ல, யாருக்கு அனுப்புவது என்று தேடுவதுதான். இரண்டையும் பிரித்துவிடுங்கள். வேலை குறைந்த ஒரு நாளில் முப்பது பேர் பட்டியல் போடுங்கள்: பெயர், பொருள், அவர்கள் லேபிளில் நீங்கள் கண்ட ஒரு குறை. அப்புறம் செவ்வாய், வியாழன் காலை முக்கால் மணி நேரம் போதும். முதலில் பதில் தராத பழைய ஆட்களுக்கு நினைவூட்டல், பிறகுதான் புதியவர்கள். எனக்கு வந்த வேலைகளில் பாதிக்கு மேல் இரண்டாவது மெயிலுக்குத்தான் வந்தன.

போன மே மாதம் மாம்பழக்கூழ் ஆலை ஒன்றின் வேலை நெருக்கியது. அந்த மூன்று வாரமும் புது மெயிலை நிறுத்தி, நினைவூட்டல் மட்டும் வாரம் நான்கு அனுப்பினேன். ஓசூரில் ஒரு மசாலா கம்பெனி உடனே வேண்டும் என்றது. "ஜூன் 20-க்கு மேல் தொடங்குகிறேன், பாதி அட்வான்ஸ் கொடுத்தால் தேதியை உங்களுக்கு ஒதுக்குகிறேன்" என்றேன். ஒத்துக்கொண்டார்கள்.

ஒன்று கவனியுங்கள்: வாடிக்கையாளருக்குச் சொன்ன தேதி இரண்டு முறை தள்ளிப்போனால், அந்த வாரமே புது மெயிலை நிறுத்துங்கள்.