பத்துப் பள்ளியா, ஆயிரம் மாணவர்களா?

கேள்வி: 10 பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, 5 பள்ளிகளில் கைகழுவும் பாடம் நடத்தினோம். பள்ளிக்கு 100 பேர். ஒரு மாதத்தில் நோயால் விடுப்பு எடுத்தவர்கள் பாடம் நடந்த பள்ளிகளில் 20, 27, 31, 39, 48 சதவீதம்; மற்றவற்றில் 28, 34, 39, 46, 53. சராசரி 33, 40. 1,000 பேரையும் ஒப்பிட்டதில் பி-மதிப்பு 0.02. ஒரே பள்ளி மாணவர்கள் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்று காட்டும் ஐசிசி வெறும் 0.04-க்கும் கீழ்தான். ஆனாலும் மாணவர்கள் பள்ளி வாரியாகக் கொத்துகளாக, அதாவது கிளஸ்டர்களாக, இருப்பதைக் கவனிக்கவில்லை என்று மதிப்பாய்வாளர் திருப்பி அனுப்பிவிட்டார். இவ்வளவு சின்ன எண்ணுக்காகவா?

பதில்: மதிப்பாய்வாளர் சொல்வது சரி. முதலில் பாடமே நடக்காத 5 பள்ளிகளை மட்டும் பாருங்கள். ஒன்றில் 28, இன்னொன்றில் 53. யாரும் எதுவும் செய்யாமலே 25 புள்ளி வித்தியாசம். ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒரே தண்ணீரைக் குடிக்கிறார்கள், ஒருவருக்கு வந்த காய்ச்சல் பக்கத்துப் பெஞ்சுக்கும் போகிறது. அதனால் பள்ளிக்குப் பள்ளி ஏற்ற இறக்கம் எப்போதும் இருக்கும்.

இப்போது பாடத்தால் பலனே இல்லை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். குலுக்கலில் அந்த 53-ம் இந்தப் பக்கத்து 20-ம் இடம் மாறி விழுந்திருந்தால், பாடம் நடந்த பள்ளிகளின் சராசரி 39.6, மற்றவை 33.4. கைகழுவச் சொல்லிக் கொடுத்தது நோயைக் கூட்டிவிட்டது என்று எழுத வேண்டி வந்திருக்கும்! இரண்டே இரண்டு பள்ளிகள் இடம் மாறினால் முடிவே திரும்பிவிடுகிறது. குலுக்கிப் போட்டது மாணவர்களை அல்ல, பள்ளிகளை. உங்கள் சோதனை அதை மறந்துவிட்டது.

ஐசிசி என்பது மொத்த ஏற்ற இறக்கத்தில் பள்ளிகளுக்கிடையே உள்ள பங்கு. உங்கள் தரவில் சுமார் 0.037. தனியாகப் பார்த்தால் சின்ன எண்தான். ஆனால் அது பள்ளிக்கு எத்தனை பேர் என்பதோடு பெருக்கப்படுகிறது. மதிப்பீட்டின் மாறுபாடு இதனால் எத்தனை மடங்கு பெருகுகிறது என்பதே டிசைன் எஃபெக்ட்; அதன் சூத்திரம் இது (m என்பது ஒரு பள்ளியில் உள்ளவர்கள்):

1 + (m − 1) × ICC = 1 + 99 × 0.037 ≈ 4.66

அதாவது 1,000 பேரின் தகவல் உண்மையில் சுமார் 215 பேரின் தகவலுக்குத்தான் சமம். மதிப்பீடு எவ்வளவு தடுமாறும் என்று சொல்லும் திட்டப்பிழை 4.66-இன் வர்க்கமூலம் அளவுக்கு, ஏறத்தாழ 2.16 மடங்கு பெரிதாக இருந்திருக்க வேண்டும். இதன் விளைவு எவ்வளவு மோசம் தெரியுமா? பலனே இல்லாத ஒன்றை இதே அமைப்பில் 100 முறை சோதித்து, இதே தவறான கணக்கைப் போட்டால், 5 அல்ல, ஏறத்தாழ 36 முறை ‘பலன் உண்டு’ என்று வரும்.

சரி, திருத்துவது எப்படி? உங்கள் மாதிரி எளிய அமைப்புக்கு, ஒவ்வொரு பள்ளியையும் ஒரே எண்ணாக்கி ஒப்பிட்டாலே போதும். ஆர் மென்பொருளில் ஒரே கட்டளை:

```
t.test(c(28,34,39,46,53), c(20,27,31,39,48), var.equal = TRUE)
```

கட்டின்மை எண், அதாவது ஆர் காட்டும் df, 8; பி-மதிப்பு சுமார் 0.32 என்று வரும். விடுப்பு 7 புள்ளி குறைந்தது என்ற மதிப்பீடு அப்படியே இருக்கும். ஆனால் 95% நம்பிக்கை இடைவெளி, முன்பு 1 முதல் 13 வரை இருந்தது, இப்போது −8 முதல் 22 வரை விரிகிறது. பாடத்தால் பலன் இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. இந்த 10 பள்ளிகளை வைத்து இரண்டு பக்கமும் சொல்ல முடியாது, அவ்வளவுதான். கட்டுரையில் இப்படியே எழுதுங்கள்.

அப்புறம், மற்றவர்கள் கட்டுரையைப் படிக்கும்போதும் கட்டின்மை எண்ணைத் தேடுங்கள். 10 பள்ளிகளைக் குலுக்கிவிட்டு 998 என்று போட்டிருந்தால் இதே தவறு நடந்திருக்கிறது. பல அடுக்கு மாதிரி, ஜிஇஇ போன்ற, கிளஸ்டரைக் கணக்கில் எடுக்கும் முறைகளைப் பயன்படுத்தியிருந்தாலும் 10 கிளஸ்டருக்கு நம்பிவிடாதீர்கள். குறைவான கிளஸ்டர்களுக்கான திருத்தம் சேர்க்காவிட்டால் அவையும் திட்டப்பிழையைக் குறைத்தே காட்டும். ‘ஐசிசி பூச்சியத்திலிருந்து குறிப்பிடத்தக்க அளவு வேறுபடவில்லை, ஆகவே விட்டுவிட்டோம்’ என்ற வாதத்தையும் ஏற்க வேண்டாம். 10 பள்ளிகளை வைத்து ஐசிசியைத் துல்லியமாக அளக்கவே முடியாது.

அடுத்த முறை பள்ளிக்கு 200 பேரைச் சேர்க்கலாமே என்று தோன்றும். இப்போது ஒரு பள்ளியின் 100 பேர் தருவது சுமார் 21 பேரின் தகவல். 200 ஆக்கினால் 24. எத்தனை பேரைச் சேர்த்தாலும் 1/0.037, அதாவது 27-ஐத் தாண்டாது. அதே 1,000 பேரை 40 பள்ளிகளில் 25 பேராகப் பிரித்துப் பாருங்கள்: டிசைன் எஃபெக்ட் 1.89-க்கு இறங்கி, 530 பேரின் தகவல் கையில் இருக்கும்.