நேரலை முடிந்ததும் பதிவு தேடலில் வரவில்லை

"யூடியூபில் முன்கூட்டியே ஷெட்யூல் செய்து மண்புழு உரம் பற்றி நேரலை போட்டேன். தலைப்பு 'இன்று மாலை 6 மணிக்கு நேரலை!'. முடிந்தபின் தேடினால் பதிவே வருவதில்லை, ஏன்?"

முதலில் ஸ்டுடியோவில் அந்தப் பதிவு `Unlisted` ஆகிவிட்டதா என்று பாருங்கள், அப்படியிருந்தால் தேடலில் வரவே வராது, `Public` ஆக்குங்கள். அது சரியாக இருந்தால் சிக்கல் தலைப்பில்தான். மண்புழு உரம் தேடுகிறவர் 'இன்று மாலை' என்று தட்டுவதில்லை. ஷெட்யூல் செய்யும்போதே "மாடித்தோட்டத்துக்கு மண்புழு உரம் தயாரிப்பது எப்படி? | நேரலை" என்று வையுங்கள். நாளும் மணியும் தலைப்பில் வேண்டாம், காத்திருப்புப் பக்கமே நேரத்தைக் காட்டிவிடும். நேரலைக்கு முன் பகிர்ந்த அதே இணைப்பில்தான் பதிவும் இருக்கும், அதனால் அழித்துவிட்டு மறுபடி ஏற்றாதீர்கள், பகிர்ந்த இணைப்புகளெல்லாம் செத்துப்போகும். இப்போதே தலைப்பைத் திருத்தினால் போதும்.

விளக்கத்தில் முதல் இரண்டு வரிகளில் விஷயத்தைச் சொல்லுங்கள், வணக்கமும் சப்ஸ்கிரைப் வேண்டுகோளும் கீழே போகட்டும். அப்புறம் பதிவைப் பார்த்து, பேச்சு உண்மையில் மாறும் இடங்களைக் குறித்து விளக்கத்தில் இப்படிச் சேர்த்துவிடுங்கள்:

```
0:00 தொடக்கம்
4:10 தொட்டி அமைப்பது
17:35 எந்தக் கழிவு போடக்கூடாது
```

0:00-இல் தொடங்கி, குறைந்தது மூன்று குறிப்புகள், ஒவ்வொன்றும் பத்து நொடிக்குக் குறையாமல் இருந்தால்தான் அத்தியாயங்களாகப் பிரியும். நேரலை 12 மணி நேரத்தைத் தாண்டினால் பதிவு தானாகச் சேமிக்கப்படும் என்று நம்பாதீர்கள்.