இடுப்பு வலி விடவே இல்லை, குழந்தை திரும்பாததுதான் காரணமா?

"குடியாத்தம் பக்கம். தங்கைக்கு முதல் பிரசவம். கருப்பை வாய் காலை 5 செ.மீ. திறந்திருந்தது, நாலு மணி நேரம் கழித்து 6 தான். வலி முழுக்க இடுப்பின் பின்னால், விடவே இல்லை. குழந்தையின் பிடரி அவள் முதுகுப் பக்கம் இருக்கிறதாம்."

வேலூரில் பிரசவ வார்டு நர்சாகப் பல வருடம் இருந்தவள் நான். பிடரி முதுகுப் பக்கம் இருந்தால் அது அம்மாவின் அடிமுதுகு எலும்பை அழுத்தும். அதனால்தான் வலிக்கு நடுவிலும் இடுப்பு கடுப்பு அடங்குவதில்லை. தாடையும் நெஞ்சோடு சரியாக ஒட்டாது. 9.5 செ.மீ. அகலத்தில் இறங்க வேண்டிய தலை சுமார் 11.5 செ.மீ. அகலத்தில் வரும், கருப்பை வாயிலும் சரியாகப் படியாது. அதனால் மெதுவாகத்தான் திறக்கும். பெரும்பாலான குழந்தைகள் வலியின்போதே தானாகத் திரும்பிவிடும்.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது: அவளை முட்டி போட்டுக் கைகளை ஊன்றிக் குனிந்திருக்கச் சொல்லுங்கள். இதனால் குழந்தை திரும்பிவிடும் என்று உறுதி தர முடியாது, வலி குறையும். ஒவ்வொரு வலிக்கும் உள்ளங்கையின் அடியால் அவளுடைய அடிமுதுகு எலும்பை அழுத்திப் பிடியுங்கள். தடவிக்கொடுத்தால் போதாது, உங்கள் கை வலிக்க வேண்டும். வெந்நீர் ஒத்தடமும் கொடுங்கள், வேலூர் வெயில் என்று யோசிக்காதீர்கள்.

முழுசாகத் திறக்கும் முன்பே முக்கத் தோன்றலாம். அப்போது முக்காமல் ஊதி ஊதி மூச்சு விடட்டும். அப்புறம், வலி தாங்காவிட்டால் முதுகில் போடும் வலி மரப்பு ஊசியான எபிடூரல் கேளுங்கள். வலி வலுவில்லை என்றால் அதைக் கூட்ட டிரிப் போடுவார்கள். முழுசாகத் திறந்தும் தலை திரும்பாவிட்டால் டாக்டர் கையால் திருப்பிப் பார்ப்பார். குழந்தையின் இதயத் துடிப்பு குறைந்தாலோ, தலை இறங்காமலே நின்றாலோ சிசேரியன் என்பார்கள், அப்போது தயங்காதீர்கள்.