குப்பைமேட்டின் அடி எங்கே இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊரில் நகராட்சி எல்லையைத் தாண்டியதும் ஏரிக்கரைகளிலும் ஓடைப் பாலங்களை ஒட்டியும் இரவில் டிராக்டர், டிப்பர் வைத்துக் குப்பை கொட்டுகிறார்கள். மனு கொடுத்தால் "அப்படி ஒன்றும் இல்லை" என்கிறார்கள், இல்லாவிட்டால் "கொஞ்சம்தான், அள்ளிவிட்டோம்" என்கிறார்கள். செயற்கைக்கோள் படத்தை வைத்து எல்லா இடங்களையும் கண்டுபிடித்து, எத்தனை டன் என்று கணக்குப் போட்டுக் கொடுக்க முடியுமா? நண்பர் ஒருவரிடம் சிறிய டிரோன் இருக்கிறது.

முருகானந்தம்,
ராசிபுரம்

அன்புள்ள முருகானந்தம்,

முடியும். ஆனால் "எல்லா இடங்களும்" என்பதையும் "எத்தனை டன்" என்பதையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பெரிய மேடுகள் எங்கே இருக்கின்றன, எந்த ஆண்டில் தொடங்கின, இன்று எத்தனை கன மீட்டர், மாதத்துக்கு எவ்வளவு கூடுகிறது என்று காட்டினால் போதும். அதை மறுப்பது அவர்களுக்குக் கஷ்டம்.

இலவசமாகக் கிடைக்கும் படங்களில் சிறந்தது ஐரோப்பியர்களின் சென்டினல்-2. 2015 முதல் படங்கள் சேர்ந்திருக்கின்றன, ஐந்து நாளுக்கு ஒருமுறை நம் ஊரைக் கடக்கிறது. அதன் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர், நம் கணக்கில் இரண்டரை சென்ட். ஒரு டிப்பர் கொட்டிவிட்டுப் போகும் குவியல் அதில் கால் புள்ளிகூட வராது. பத்துப் பன்னிரண்டு புள்ளிகளாவது சேர்ந்து மாறியிருந்தால்தான் நம்பலாம், அதாவது கால் ஏக்கர். அதற்குக் குறைந்த இடங்களை இந்தப் படத்தில் தேடிக் கண்களைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அதில் பார்க்க வேண்டியது பச்சை எங்கே செத்தது என்பதை. இந்தப் படங்களைக் காட்டும் கோப்பர்னிக்கஸ் பிரவுசர் இணையதளத்தில் பச்சையை அளக்கும் NDVI என்று ஒரு தேர்வு இருக்கும். அதன் சூத்திரம் இதுதான், இதில் B8 என்பது அண்மை அகச்சிவப்பு ஒளி, B4 சிவப்பு ஒளி:

```
(B8 - B4) / (B8 + B4)
```

பயிர், செடி இருக்கும் இடத்தில் இது உயரும். வெறும் மண், குப்பை, கட்டிடம் என்றால் பூஜ்யத்தை நோக்கி இறங்கும். ஆண்டுதோறும் பிப்ரவரி மாதப் படங்களை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேகம் மறைக்கும், மே மாதத்தில் எல்லாமே காய்ந்து கிடக்கும். பிப்ரவரிகளில் தொடர்ந்து பச்சை திரும்பாத இடங்களைக் குறித்து வையுங்கள். அறுவடை முடிந்த வயல் ஒரு வருடம் வெறுமையாகத் தெரிந்தாலும் அடுத்த வருடம் திரும்பிவிடும்.

திரும்பாதவை எல்லாம் குப்பை அல்ல. செங்கல் சூளை, கல்குவாரி, மனைப்பிரிவு எல்லாமே இந்தப் பட்டியலில் வந்து நிற்கும். இவற்றைப் பிரிக்கக் கூகுள் எர்த் ப்ரோவுக்குப் போக வேண்டும். அதில் பழைய படங்களைத் தேதி வாரியாக நகர்த்திப் பார்க்கலாம், பல படங்களில் அரை மீட்டர் பொருள்கூடத் தெரியும். மனைப்பிரிவில் நேர்கோட்டுச் சாலைகள் இருக்கும். சூளையில் செவ்வகமும் சிவப்பு மண்ணும் இருக்கும். குப்பை சாலையோரத்தில் தொடங்கி உள்ளே விரல் விரலாக நீளும். ஓரம் கோணல்மாணலாக, சாம்பல் நிறத்தில் வெள்ளைப் பொட்டுகளோடு, நடுவே எரித்த கருப்புத் திட்டுகளோடு இருக்கும். வண்டித் தடம் ஒன்று அதற்குள் போய் முடிந்துவிடும். ஒன்று கவனியுங்கள்: திரையில் காட்டும் தேதி பல படங்களை ஒட்டிய இடங்களில் நகர நகர மாறும். குப்பைமேட்டின் மேலேயே சுட்டியை வைத்துத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லா நிலத்தையும் துழாவவும் வேண்டாம். பாரம் ஏற்றிய டிப்பர் சேற்றில் இறங்காது. கெட்டியான சாலையிலிருந்து இரண்டு பக்கமும் ஐம்பது மீட்டர், ஏரிக்கரைப் பாதைகள், கைவிட்ட குவாரிகளுக்குப் போகும் தடங்கள், நகராட்சி முடிந்து ஊராட்சி தொடங்கும் இடங்கள், இவ்வளவையும் பார்த்தாலே பெரும்பாலானவை கிடைத்துவிடும். இரவில் எரிப்பதைப் பிடிக்க, தீ எரியும் இடங்களைக் காட்டும் நாசாவின் FIRMS தளம் உதவும். அதற்குத் தரவு தரும் விர்ஸ் என்ற செயற்கைக்கோள் கருவி நள்ளிரவு ஒன்றரை மணி வாக்கில் கடக்கிறது. சென்டினல் காலை பத்தரை வாக்கில் வருவதால் சாயங்காலம் வைத்த தீயை அது பெரும்பாலும் பார்ப்பதில்லை. விர்ஸின் புள்ளி 375 மீட்டர் என்பதால் எந்த மேடு எரிந்தது என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஏற்கெனவே குறித்து வைத்த மேட்டின் அருகே திரும்பத் திரும்பப் புள்ளி விழுந்தால் அதைத் துணைச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம்.

இனி அளவு. மேட்டின் மேல்பரப்பை டிரோன் நன்றாக அளந்துவிடும். கன அளவுக்கு மேல்பரப்பும் வேண்டும், அடியும் வேண்டும். குப்பைக்கு அடியில் தரை எப்படி இருந்தது என்பது டிரோனுக்குத் தெரியாது. அதிகாரிகளோடு வரும் சண்டை முழுவதும் கடைசியில் இந்த அடியைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

எங்கள் பகுதியில் ஓர் ஏரிக்கரையை ஒட்டி நாங்கள் அளந்த மேட்டையே சொல்கிறேன். 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், அதாவது 1200 சதுர மீட்டர். ஐம்பது மீட்டர் உயரத்தில் பறக்கவிட்டு, ஒரு படம் அடுத்ததோடு 80 விழுக்காடும், பக்கத்து வரிசையோடு 70 விழுக்காடும் மேற்பொருந்தும்படி எடுத்தோம். நேர் கீழே பார்த்து எடுத்தவை மட்டும் போதாது. கேமராவைச் சாய்த்து மேட்டைச் சுற்றி ஒரு வட்டமும் எடுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் கிடைக்கும் முப்பரிமாண மாதிரி நடுவில் உப்பிவிடும். உப்பியிருக்கிறதா என்று பார்க்க வழி இருக்கிறது. பக்கத்தில் நேராகப் போகும் தட்டையான சாலையின் மேல் ஒரு குறுக்குக் கோடு போட்டு உயரத்தைப் பாருங்கள். சாலை வில்லாக வளைந்து தெரிந்தால் அந்த மாதிரியைத் தூக்கி வைத்துவிட்டுத் திரும்ப எடுங்கள்.

படங்களைச் சேர்த்து முப்பரிமாண மாதிரியாக்க WebODM என்ற மென்பொருள் போதும். நீளத்தை மட்டும் டேப் வைத்துச் சரிபாருங்கள். தரையில் வெள்ளைப் பெயின்ட் அடித்த தகடுகளைப் பரப்பி, அவற்றுக்கிடையே அளந்த தூரம் மாதிரியிலும் அதே அளவு வருகிறதா என்று பார்க்க வேண்டும். நீளத்தில் 2 விழுக்காடு பிசகினால் கன அளவில் 6 விழுக்காடு பிசகும்.

மேட்டின் ஓரங்களை இணைத்து அதையே அடித்தளம் என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். அப்படிப் பார்த்தால் சராசரி உயரம் 1.8 மீட்டர், ஆக 2160 கன மீட்டர். நம் ஊர் கணக்கில் 100 கன அடி ஒரு யூனிட், எனவே சுமார் 760 யூனிட். ஆனால் கொட்டத் தொடங்குவதற்கு முந்தைய பழைய படத்தில் அதே இடத்தில் மண் எடுத்த பள்ளம் ஒன்று தண்ணீரோடு தெரிந்தது. பரப்பு சுமார் 400 சதுர மீட்டர். ஊராட்சியிடம் சொல்லி ஜேசிபி வைத்து மூன்று இடத்தில் குழி போட்டுப் பார்த்ததில், சுற்றுத் தரைக்குக் கீழே ஏறக்குறைய ஒரு மீட்டர் வரை குப்பையே வந்தது. இன்னும் 400 கன மீட்டர். ஆக மொத்தம் 2560, சுமார் 900 யூனிட். மூன்று யூனிட் ஏற்றும் டிப்பரில் முந்நூறு நடை. பள்ளத்தைக் கணக்கில் சேர்க்காமல் "760 அள்ளிவிட்டோம், முடிந்தது" என்று எழுதிவிட்டால் ஏரிக்குள் 140 யூனிட் அப்படியே புதைந்து கிடக்கும். கோடையில் அந்த ஏரித் தண்ணீரைக் குடிக்கும் மாடுகளையும், கரையோரக் கிணறுகளையும் நினைத்தால் எனக்கு இந்த 140தான் பெரிதாகத் தெரிகிறது.

பழைய உயர வரைபடங்களை வைத்து அடியைப் பிடிக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். 2000-ல் விண்வெளி ஓடத்திலிருந்து எடுத்த உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது, ஆனால் அதன் பிழையே பல மீட்டர். இரண்டு மீட்டர் மேட்டுக்கு அது உதவாது. பழைய படம், சோதனைக் குழி, ஏரிக்கு நீர்வளத் துறையில் இருக்கும் பழைய கரை அளவுகள், இவைதான் வழி.

இனி டன். புதிதாகக் கொட்டிய தளர்ந்த குப்பை கன மீட்டருக்கு 0.4 டன் இருக்கலாம். மண்ணோடு கலந்து இறுகிய பழைய குப்பை 0.9 வரை போகலாம், கட்டிட இடிபாடு அதற்கும் மேல். எங்கள் மேட்டையே ஆயிரம் டன் என்றும் சொல்லலாம், 2300 டன் என்றும் சொல்லலாம். அதனால்தான் கன மீட்டரோடு நிறுத்தச் சொல்கிறேன். அள்ளும்போது எடைமேடையில் சில வண்டிகளை நிறுத்தினால் டன் தானாகத் தெரிந்துவிடும்.

அடியே தேவைப்படாத கணக்கு ஒன்றும் உண்டு. இன்று ஒருமுறை பறக்கவிடுங்கள், இரண்டு மாதம் கழித்து அதே உயரத்தில் இன்னொரு முறை. இரண்டு மேல்பரப்பையும் கழித்தால் இடையில் கூடியது எவ்வளவு என்று வந்துவிடும். இரண்டையும் ஒன்றோடொன்று பொருத்த மதகு, பாலத்தின் மேல்தளம் போன்ற அசையாத கட்டுமானம் நாலைந்து வேண்டும். மதகின் உயரம் இரண்டு முறையும் 5 சென்டிமீட்டருக்குள் பொருந்தாவிட்டால் அந்தக் கழித்தலை நம்ப வேண்டாம். 1200 சதுர மீட்டரில் 5 சென்டிமீட்டர் என்பதே 60 கன மீட்டர், ஏழு டிப்பர்.

"அள்ளிவிட்டோம்" என்ற பதிலுக்கும் இதிலேயே விடை இருக்கிறது. ஜேசிபி வைத்துப் பரப்பி மேலே மண் தூவியிருந்தால் உயரம் குறையும், பரப்பு கூடும், கன அளவு பெரிதாகக் குறையாது. எரித்திருந்தால் கன அளவு குறையும், கூடவே கருப்பாகத் தெரியும். உண்மையிலேயே அள்ளியிருந்தால் வண்டித் தடமும் வெட்டிய முகமும் தெரியும். மேட்டில் சீமைக்கருவேலம் முளைத்திருந்தால் அதையும் மென்பொருள் குப்பையாகவே எண்ணும், அந்தப் பகுதியை வெட்டி நீக்கிவிட்டுக் கணக்கிடுங்கள்.

யார் கொட்டியது என்பதை எந்தப் படமும் சொல்லாது. 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தில் கோடகநல்லூர், நடுக்கல்லூர் பக்கம் கேரள மருத்துவக் கழிவு கொட்டப்பட்டது நினைவிருக்கும். அது எந்த மருத்துவமனைகளுடையது என்பது கழிவுக்குள் கிடந்த காகிதங்களிலிருந்து தெரிந்தது. பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டு, கேரளமே வந்து திரும்ப ஏற்றிக்கொண்டு போனது. இலவசச் செயற்கைக்கோள் படத்தை மட்டும் நம்பியிருந்தால் அவ்வளவு சிதறிக் கிடந்தது கண்ணில் பட்டிருக்காது. ஊர்க்காரர்கள்தான் பார்த்தார்கள்.

டிரோன் விஷயத்தில், உங்கள் இடம் பச்சை மண்டலமா என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்திலுள்ள வான்வெளி வரைபடத்தில் பாருங்கள். பச்சை என்றால் 400 அடி வரை தனி அனுமதி வேண்டாம். வணிக நோக்கமில்லாமல் இரண்டு கிலோவுக்கு உட்பட்ட டிரோனை ஓட்ட விமானி சான்றிதழும் 2021 விதிகளின்படி தேவையில்லை. மேட்டில் பழைய பொருள் பொறுக்குகிறவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் முதலில் போய்ச் சொல்லுங்கள், அவர்கள் முகம் தெரியும் படங்களை மனுவில் சேர்க்காதீர்கள்.

மனுவில் மேட்டுக்கு ஒரு பக்கம் போதும்: அட்சரேகை தீர்க்கரேகை, சர்வே எண், தேதியோடு மூன்று பழைய படங்கள், கன மீட்டர், அடித்தளம் எப்படி எடுக்கப்பட்டது என்று ஒரு வரி. சர்வே எண்ணை விட்டுவிடாதீர்கள். அது நீர்வளத் துறை நிலமா, ஊராட்சிப் புறம்போக்கா, யாருடைய பட்டாவா என்பதைப் பொறுத்துத்தான் மனு யார் மேசைக்குப் போக வேண்டும் என்பது முடிவாகும். முதல் பறப்பை ஏரியில் தண்ணீர் வற்றிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள், கரையடி முழுதும் தெரியும்.