வட்டி 2.5 சதவீதம் கூடியதா, 36 சதவீதம் கூடியதா?

கேள்வி: வீட்டுக் கடன் வட்டி 7%ல் இருந்து 9.5% ஆகிவிட்டது. வங்கியில் 2.5% தான் ஏறியிருக்கிறது என்கிறார்கள். நண்பர் கணக்குப் போட்டு கிட்டத்தட்ட 36% என்கிறார். எது சரி? பள்ளித் தேர்ச்சி விகிதத்தை ஒப்பிடும்போதும் இதே மாதிரிதானா?

பதில்:

நண்பர் கணக்கு சரி. வங்கிக்காரர் சொன்ன எண்ணும் சரிதான், ஆனால் அதை அவர் "2.5 சதவீதப் புள்ளி" என்று சொல்லியிருக்க வேண்டும். 9.5ல் 7ஐக் கழித்தால் வருவது புள்ளி. அந்த 2.5ஐ பழைய வட்டியான 7ஆல் வகுத்தால் வருவது சதவீத மாற்றம், 35.7%. வங்கிகளும் ரிசர்வ் வங்கியும் இந்தக் குழப்பமே வேண்டாமென்று பேசிஸ் பாயிண்ட் கணக்கில் பேசுவார்கள். ஒரு சதவீதப் புள்ளிக்கு 100 பேசிஸ் பாயிண்ட். உங்கள் வட்டி 250 பேசிஸ் பாயிண்ட் ஏறியிருக்கிறது என்றால் அதற்கு இரண்டு அர்த்தம் கிடையாது.

வங்கி ஏன் புள்ளியில் பேசுகிறது? உங்களை ஏமாற்ற என்று நினைக்க வேண்டாம். (சில சமயம் அதுவும் வசதியாகத்தான் இருக்கிறது, அது வேறு கதை.) 2019 அக்டோபர் 1க்குப் பிறகு வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்களை ஏதாவது ஒரு வெளி அளவுகோலோடு இணைக்க வேண்டும். பெரும்பாலும் அது ரெப்போ விகிதம், அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் குறுகிய காலக் கடனுக்கான வட்டி. ரெப்போவின் மேல் வங்கி தன் பங்குக்கு ஒரு கூடுதலை வைக்கும். உங்கள் கடனில் அது 3 என்று வைத்துக்கொள்வோம். 2022 மே மாதத் தொடக்கத்தில் ரெப்போ 4%, உங்கள் வட்டி 7%. ரிசர்வ் வங்கி அந்த மாதமே ஏற்ற ஆரம்பித்து, 2023 பிப்ரவரியில் ரெப்போவை 6.5%க்குக் கொண்டுவந்தது. உங்கள் வட்டி 9.5%.

ரெப்போ ஏறியது 2.5 புள்ளி, உங்கள் வட்டி ஏறியதும் 2.5 புள்ளி. புள்ளி அப்படியே உங்கள் கணக்குக்கு வந்து சேர்கிறது. சதவீத மாற்றம் அப்படி வராது: ரெப்போவுக்கு அது 62.5%, உங்களுக்கு 35.7%. இடையில் அந்த 3 அப்படியே நிற்பதால் வகுக்கும் எண் மாறிவிடுகிறது. "ரெப்போ 62% ஏறியது" என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு, தன் தவணையும் 62% ஏறும் என்று பயப்படுகிறவர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இறங்கும்போது இன்னொரு வேடிக்கை. 2025ல் ரெப்போவைக் குறைத்துக்கொண்டே வந்து டிசம்பரில் 5.25%ல் நிறுத்தினார்கள். ஏறிய 2.5 புள்ளியில் 1.25 இறங்கியிருக்கிறது, அதாவது சரிபாதி. சதவீதத்தில் சொன்னால் 62.5% ஏறியது 19% தான் இறங்கியது, ஏதோ மூன்றில் ஒரு பங்குகூடத் திரும்பவில்லை என்று தோன்றும். ஏறும்போது 4ஆல் வகுத்தோம், இறங்கும்போது 6.5ஆல் வகுக்கிறோம், அவ்வளவுதான். அடுத்தடுத்த ஏற்ற இறக்கங்களைக் கூட்டிக் கழிக்க வேண்டுமென்றால் புள்ளியில்தான் செய்ய முடியும்.

அப்படியானால் நண்பரின் 35.7%க்கு என்ன வேலை? அது உங்கள் பாக்கெட்டில் தெரியும். 30 லட்சம் கடன், 20 வருடம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 7%க்கு முதல் மாத வட்டி 17,500 ரூபாய். 9.5%க்கு 23,750. கூடுதல் 6,250, அதை 17,500ஆல் வகுத்தால் அதே 35.7%. அசல் மாறாதவரை வட்டிப் பணம் சதவீத மாற்றத்தின்படியே நகரும்.

ஆனால் ஈஎம்ஐ அந்த அளவுக்கு ஏறாது. 7%க்கு ஈஎம்ஐ சுமார் 23,259, 9.5%க்கு சுமார் 27,964. உயர்வு 20% தான். ஈஎம்ஐக்குள் வட்டியோடு அசலும் இருக்கிறது. வட்டி பெரிதாகும்போது முதல் மாதத்தில் அசலுக்குப் போகும் தொகை 5,759ல் இருந்து 4,214ஆகச் சுருங்குகிறது. தவணை குறைவாக ஏறியதுபோலத் தெரிவதில் ஒரு பகுதி, அசல் மெதுவாகக் கரைவதால்தான்.

வட்டி ஏறினால் பல வங்கிகள் ஈஎம்ஐயைத் தொடாமல் காலத்தை நீட்டிவிடும். மேலே உள்ள கணக்கில், கடன் வாங்கிய புதிதிலேயே வட்டி 9.5% ஆகி, பழைய 23,259 ரூபாயையே கட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? மாத வட்டியே 23,750. நீங்கள் ஒழுங்காகக் கட்டியும் மாதம் 491 ரூபாய் அசலோடு சேரும். கடன் எந்தக் காலத்திலும் முடியாது. 2.5 புள்ளி என்று கேட்கும்போது இது மனதுக்கு வராது. வட்டிச் செலவு 36% கூடுகிறது என்றால் வரும். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, தவணை மாத வட்டிக்காவது போதுமானதாக இருக்க வேண்டும், ஈஎம்ஐயைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்று வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். உங்கள் கணக்கு அறிக்கையில் அசல் நிலுவையைப் பாருங்கள். மாதாமாதம் குறையவில்லை என்றால் உடனே கிளையில் பேசுங்கள்.

தேர்ச்சி விகிதத்துக்கு வருவோம். அங்கே எண்கள் 100க்குப் பக்கத்தில் இருப்பதால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். தமிழ்நாட்டில் பிளஸ் 2 தேர்ச்சி 2024ல் 94.56%, 2025ல் 95.03%. புள்ளியில் 0.47, சதவீத மாற்றத்தில் 0.5. யாரும் சண்டை போட மாட்டார்கள். அதே முடிவைத் தோல்வியின் பக்கமிருந்து பாருங்கள். 5.44%, 4.97% ஆகியிருக்கிறது. புள்ளி அதே 0.47, ஆனால் சதவீத மாற்றம் 8.6% குறைவு. தேர்ச்சியைப் பற்றிச் சொல்பவர் அரை சதவீதம் என்பார், தோல்வியைப் பற்றிச் சொல்பவர் ஒன்பது சதவீதம் என்பார், இருவரும் பொய் சொல்லவில்லை. புள்ளியில் சொன்னால் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே எண்.

அதனால் இரண்டு பள்ளிகளை ஒப்பிட நான் புள்ளியைத்தான் எடுப்பேன். ஒன்று 60ல் இருந்து 72க்கு வந்தது, இன்னொன்று 90ல் இருந்து 96க்கு வந்தது என்று வையுங்கள். முதல் பள்ளியில் நூற்றுக்கு 12 பிள்ளைகள் கூடுதலாகத் தேறியிருக்கிறார்கள், இரண்டாவதில் 6 பேர். இரண்டாவது பள்ளி நோட்டீசில் "தோல்வி 60% குறைந்தது" என்று போட்டுக்கொள்ளலாம், 10% என்பது 4% ஆனதால் கணக்கும் சரியாகவே வரும். ஆனால் எண்ணிப் பார்த்தால் ஆறு பிள்ளைகள்தான். 90க்கு மேல் ஆறு புள்ளி ஏற்றுவது 60ல் இருந்து ஏற்றுவதைவிடக் கஷ்டம் என்று அந்தப் பள்ளி வாதாடலாம், அதில் நியாயமும் இருக்கிறது.

புள்ளியும் ஏமாற்றும் ஓர் இடம் சின்னப் பள்ளிகள். 25 பேர் தேர்வு எழுதிய இடத்தில் ஒரே ஒரு பிள்ளை கூடுதலாகத் தேறினாலே 4 புள்ளி ஏறிவிடும், அடுத்த வருடம் ஒருவர் காய்ச்சலில் தேர்வைக் கோட்டைவிட்டால் அந்த 4 புள்ளியும் போய்விடும். அங்கே விகிதத்தை விட்டுவிட்டு, எழுதியவர் எத்தனை, தேறியவர் எத்தனை என்று தலையை எண்ணிக் கேட்பதுதான் சரி.