இரவு பத்து மணிப் புலம்பல்

"எனக்கு 27 வயது. பாலக்கோட்டில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. திருமணச் செயலி மூலம் அமைந்த வரனிடம் இரண்டு மாதமாக வாட்ஸ்அப்பில் பேசுகிறேன். ஓசூரில் தொழிற்சாலை வேலை. நல்லவர்தான், ஆனால் தினமும் இரவு பத்து மணிக்கு சூப்பர்வைசரைப் பற்றியும் அண்ணியைப் பற்றியும் புலம்பல் மட்டுமே. நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பதே இல்லை. மனம் நோகாமல் இதை எப்படி நிறுத்துவது?"

முதலில் கடந்த இரண்டு வார உரையாடலை மேலே தள்ளி ஒருமுறை படித்துப் பாருங்கள். அவர் எழுதியதை விட்டுவிடுங்கள், உங்கள் பதில்களை மட்டும் பாருங்கள். "ஐயோ, அப்புறம்?", "நீங்கள் என்ன சொன்னீர்கள்?", "அவர் ஏன் அப்படிச் செய்கிறார்?" என்பவைதான் அதிகம் இருக்கும். அக்கறையில் கேட்ட கேள்விகள்தாம், ஆனால் ஒவ்வொன்றும் அவரை அதே சம்பவத்துக்குள் திரும்ப அனுப்புகிறது. ஒரே மனக்குறையை இருவர் சேர்ந்து கிளறிக்கொண்டே இருப்பதைப் பற்றி உளவியலாளர் அமண்டா ரோஸ் 2002இல் பள்ளிப் பிள்ளைகளிடம் ஆய்வு செய்தார். நெருக்கம் கூடுகிறது, கூடவே மனச்சோர்வும் கூடுகிறது என்பது அவர் கண்டது. பெரியவர்களிடமும் இதே போக்கை ஆலோசனை அறையில் பார்க்கிறேன். நெருக்கம் கூடுவதால்தான் நிறுத்தவும் மனம் வருவதில்லை.

ஆகவே அவரை மாற்றுவதற்கு முன் உங்கள் பதிலின் அமைப்பை மாற்றுங்கள். "இன்றைக்கும் எல்லார் முன்னாலும் கத்திவிட்டார்" என்று வருகிறது என்று வையுங்கள். "எல்லார் முன்னாலும் கத்தினால் யாருக்கும் வலிக்கத்தான் செய்யும்" என்று ஒரு வரி எழுதுங்கள். கேள்விக்குறி வேண்டாம், அறிவுரையும் வேண்டாம். அந்த ஒரு வரியிலேயே பரிவு முழுதாக இருக்கிறது. இரண்டாவது வரி உங்கள் நாளிலிருந்து வரட்டும்: "இன்று என் வகுப்பில் ஒரு பையன் வாய்ப்பாட்டைப் பாட்டாகவே பாடிவிட்டான்." இதை அவர் பிடித்துக்கொள்கிறாரா, தாண்டிப் போகிறாரா என்று கவனியுங்கள்.

தொடர்ந்து ஒரு வாரம் தாண்டிப் போனால் நேராகச் சொல்ல வேண்டியதுதான். அதைச் செய்தியாக அனுப்பாதீர்கள். எழுத்தில் குரலின் கனிவு தெரியாது. களைத்து ஷிப்டு முடித்து வருபவர் அதைக் குற்றச்சாட்டாகவே படிப்பார். அவருடைய வார விடுமுறை நாளில், பகலில், போனில் சொல்லுங்கள்: "உங்கள் கஷ்டத்தைக் கேட்பதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் தினமும் அதை மட்டுமே பேசினால் நாம் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ள முடியாது. பத்து நிமிடம் அதைப் பேசுவோம், பிறகு வேறு பேசுவோம். பத்தரைக்கு மேல் நான் தூங்கப் போய்விடுவேன்." அன்றிலிருந்து பத்தரைக்கு மேல் பதில் போடாதீர்கள். ஒரு நாள் மனம் இளகிப் பதினொன்றரைக்குப் பதில் போட்டால், அழுத்திக் கேட்டால் கிடைக்கும் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார்.

கூடவே, வீட்டாருக்குத் தெரிந்தே ஒருமுறை நேரில் சந்தியுங்கள். கிருஷ்ணகிரி அணைப் பூங்கா இருவருக்கும் வந்துபோகக்கூடிய தூரம்தான். செய்தியில் கொட்டித் தீர்ப்பவர்கள் சிலர் நேரில் வேறு ஆளாக, சிரித்துப் பேசுபவராக இருப்பதுண்டு. நேரிலும் அதே அண்ணி கதைதான் என்றால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

ஒன்றில் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. "வாழவே பிடிக்கவில்லை" என்பதுபோல் எழுதினால் நேரம் பார்க்காமல் போன் செய்து, "சாக வேண்டும் என்று நினைக்கிறீர்களா?" என்று வெளிப்படையாகவே கேளுங்கள்; கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் அவர் வீட்டில் ஒருவருக்கு உடனே தெரியப்படுத்துங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். அதை அவருக்குக் கொடுங்கள், நீங்களும் அழைக்கலாம். உயிர் ஆபத்து உடனடி என்று தோன்றினால் 112. இது இல்லாமல், சில வாரங்களாகத் தூக்கமும் பசியும் கெட்டு வேலைக்கும் போக முடியாமல் இருக்கிறார் என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

போனில் பேசிய பிறகு இரண்டு, மூன்று வாரம் பாருங்கள். கோபித்துக்கொண்டு ஒரு நாள் பேசாமல் இருந்தால் பெரிதுபடுத்த வேண்டாம். "நீயும் மற்றவர்களைப் போலத்தான்" என்று உங்களைக் குற்றவாளி ஆக்கினால் அது வேறு விஷயம், வீட்டில் சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்று முடிவெடுத்தால் "பேசிப் பார்த்தேன், ஒத்துவரவில்லை" என்பது போதும். அவர் நம்பிச் சொன்ன வீட்டு விஷயங்களை உங்கள் அம்மாவிடம்கூட விவரிக்க வேண்டியதில்லை. "நண்பர்களாக இருப்போம்" என்று மட்டும் அவரிடம் சொல்லாதீர்கள், மறுநாளே பத்து மணிக்குச் செய்தி வந்துவிடும்.