எந்த நாள் கணக்கிலும் ஏறாத 6 மணி வசூல்: மென்பொருள் எழுதியவர் எவ்வளவுக்குப் பொறுப்பு?

கேள்வி: சார், நானும் ஒரு நண்பரும் கோவையில் சின்னதாக மென்பொருள் நிறுவனம் நடத்துகிறோம். ஒரு கடன் நிறுவனத்துக்கு தினசரி வசூல் மென்பொருள் செய்து கொடுத்தோம். முந்தைய நாள் மாலை 6 மணியிலிருந்து இன்று 6 மணி வரையிலான வசூலை எடுத்து, தானாக ஓடும் பேட்ச் நிரல் ஒவ்வொரு நாளும் கடன் கணக்கில் வரவு வைக்கும். 11 மாதம் கழித்து, சரியாக 18:00:00 என்று பதிவான வசூல் எதுவும் எந்த நாளிலும் ஏறவில்லை என்று தெரிந்தது. 312 பதிவுகள், 7.8 லட்சம் ரூபாய் என்கிறார்கள். உடனே மன்னிப்புக் கேட்டு மெயில் போட்டேன். அவர்களோ எங்கள் கடைசி பில் 5.5 லட்சத்தை நிறுத்திவிட்டு, நற்பெயர் போனதற்கு 10 லட்சம் உட்பட 18 லட்சம் நஷ்ட ஈடு கேட்கிறார்கள். போலீஸுக்குப் போவோம் என்று மிரட்டுகிறார்கள். இரவு பகலாக உழைத்த எங்களை அவர்கள் மேனேஜர் எல்லோர் முன்னாலும் திட்டினார். ஒப்பந்தத்தில் ‘6 மணி வரை’ என்றுதான் இருக்கிறது, 6 மணி உள்ளேயா வெளியேயா என்று இல்லை. அப்படியிருக்க எங்கள் மேல் எப்படித் தப்பு?

பதில்: மேனேஜர் திட்டியதும் நீங்கள் இரவு பகலாக உழைத்ததும் வழக்குக்கு உதவாது, அவற்றை விட்டுவிடுங்கள். போலீஸ் மிரட்டலுக்கும் பயப்பட வேண்டாம். மோசடி என்றால் ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். நிரலில் ஒரு குறி தவறியதை எந்த ஆய்வாளரும் அப்படி மாற்ற முடியாது. சம்மன் வந்தால் வக்கீலோடு போய் ஆவணங்களைக் காட்டுங்கள், போதும்.

உங்கள் வாதமாக நீங்கள் நினைப்பது உங்களைக் காப்பாற்றாது. ‘6 மணி வரை’ என்பது 6 மணியையும் சேர்த்தா இல்லையா என்று இரண்டு விதமாகவும் வாதாடலாம். பொது விளக்கச் சட்டம், 1897-ன் 9-ஆம் பிரிவு, ‘இருந்து’ என்றால் முதலாவதை விட்டும் ‘வரை’ என்றால் கடைசியைச் சேர்த்தும் கணக்கிடச் சொல்கிறது. அது சட்டங்களுக்கான விதிதான், தனியார் ஒப்பந்தத்துக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் நீதிமன்றம் அதே திசையில்தான் பார்க்கும். வாசகம் தெளிவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அந்தத் தெளிவின்மை, 6 மணி வசூல் இன்றைய கணக்கா நாளைய கணக்கா என்ற கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். இரண்டு நாளிலும் சேராது என்று அந்த வாசகத்தை எப்படிப் படித்தாலும் வராது. உங்கள் நிரல் அநேகமாக இப்படி இருந்திருக்கும்:

```sql
WHERE paid_at > @start AND paid_at < @end
```

இரண்டு பக்கமும் எல்லையை வெளியே தள்ளியாகிவிட்டது. ஒரு பக்கத்தில் `=` இருந்திருந்தால் அது எந்தப் பக்கம் என்று சண்டை போடலாம். எந்தப் பக்கமும் இல்லாததற்கு வாதம் கிடையாது. எனவே, தவறு யாருடையது என்பதில் உங்கள் பணத்தைச் செலவழிக்காதீர்கள். எவ்வளவு என்பதில்தான் வழக்கே இருக்கிறது.

அங்கே உங்கள் நிலை நீங்கள் பயப்படுவதைவிட நல்லது. அந்த 7.8 லட்சம் தொலையவில்லை. வசூல் ஏஜென்ட் வாங்கினார், நிறுவனத்தில் கட்டினார், தரவுத்தளத்தில் வரியும் இருக்கிறது. கடன் கணக்கில் வரவு ஏறவில்லை, அவ்வளவுதான். கையில் இருக்கும் பணத்தை நஷ்டம் என்று கேட்க முடியாது. கடன் வாங்கியவர்களிடம் பிடித்த தாமதக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தோம் என்றும் கணக்குக் காட்டுவார்கள். நேரத்துக்குக் கட்டியவரிடம் வாங்கிய தாமதக் கட்டணம் முதலிலேயே அவர்களுக்கு உரியதல்ல, அதைத் திருப்பிக் கொடுத்தது நஷ்டத்தில் சேராது. ஒப்பந்தச் சட்டம் 73-ஆம் பிரிவு, மீறலால் இயல்பாக விளைந்த நஷ்டத்தைத்தான் தரச் சொல்கிறது, தொலைதூர நஷ்டத்தை அல்ல. நஷ்டத்தைக் குறைக்க அவர்கள் கையில் என்ன வழி இருந்தது என்பதையும் பார்க்கச் சொல்கிறது. நற்பெயர் போனதற்கு 10 லட்சம் என்பது நோட்டீஸில் எழுதும் தொகை, தீர்ப்பில் வரும் தொகை அல்ல.

312 பதிவுகளையும் அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு வரியிலும் பணம் கட்டிய நேரமான `paid_at`, தரவுத்தளத்தில் வந்து சேர்ந்த நேரமான `created_at` இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். `paid_at` சரியாக 18:00:00 என்று இருப்பவை உங்கள் தவறு. இவ்வளவு பதிவுகள் அந்த ஒரே விநாடியில் எப்படிக் குவிந்தன என்றும் பாருங்கள். நாள் முழுக்க நடக்கும் வசூலில் ஒரு விநாடிக்கு இத்தனை தற்செயலாக விழாது. ஏஜென்ட்டின் கைக்கருவி 6 மணிக்குத் தானாக நாளை முடிக்கும்போது, இணைப்பு இல்லாமல் நின்ற ரசீதுகளுக்கெல்லாம் அந்த நேரத்தையே போடுகிறதா என்று சோதியுங்கள். அப்படியானால் 5.20-க்குப் பணம் கட்டியவர் கையில் 5.20 ரசீது இருக்கும், உங்கள் தரவில் 18:00:00 இருக்கும். அந்தக் கருவியை யார் கொடுத்தது என்பதும் பேச்சுவார்த்தையில் பயன்படும். இன்னொரு வகையும் கலந்திருக்கும். `paid_at` 17:40, ஆனால் சிக்னல் இல்லாமல் பேட்ச் ஓடி முடித்த பிறகு 18:12-க்கு வந்து சேர்ந்தது. இது எல்லைக் குறியால் வந்ததல்ல, எந்தக் குறி போட்டாலும் தவறியிருக்கும். தாமதமாக வருவதை மறுநாள் எடுக்க வேண்டும் என்று உங்கள் தேவை ஆவணத்தில் எழுதியிருந்தால் அதுவும் உங்கள் தலையில்தான். எழுதியில்லாவிட்டால் அந்த வரிகளைப் பட்டியலிலிருந்து பிரித்து வையுங்கள்.

இனி நான் உண்மையிலேயே கவலைப்படும் இடம். இந்த மாதிரி வழக்குகளில் முதல் தவறால் கெட்ட கட்சிக்காரர்களைவிட, அதைத் திருத்தப் போய்க் கெட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். தப்பு தெரிந்த அன்று இரவே, யாரிடமும் கேட்காமல், நேரடியாக ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் கை வைப்பார்கள். பதற்றத்தில் பெரும்பாலும் எழுதுவது இது:

```sql
WHERE paid_at BETWEEN @start AND @end
```

`BETWEEN` இரண்டு எல்லையையும் உள்ளே சேர்க்கும். செவ்வாய் 18:00:00 வசூல் செவ்வாய் பேட்ச்சிலும் ஏறும், புதன் பேட்ச்சிலும் ஏறும். 500 ரூபாய் கட்டியவருக்கு 1,000 வரவு, செல்போனில் குறுஞ்செய்தியும் போயிருக்கும். சிலர் கடனையே முன்கூட்டி முடித்துத் தடையில்லாச் சான்றிதழ் வாங்கிவிடுவார்கள். முதல் தவறில் பணம் நிறுவனத்திடம் பத்திரமாக இருந்தது. இரண்டாவதில் நிஜமாகவே பணம் போகிறது. அதோடு, எல்லை பற்றிய பிரச்சினை தெரிந்த பிறகும் அதே எல்லையில் தவறு செய்தீர்கள் என்று ஆகிவிடும். வேறு சிலர் முடிவை `<= '17:59:59'` என்று எழுதுவார்கள். விநாடிக்குக் கீழான பகுதியோடு நேரம் சேமிக்கப்பட்டிருந்தால், 17:59:59.6-க்கு வந்தது மறுபடி காணாமல் போகும். ஆரம்பத்தில் `>=`, முடிவில் `<` என்று வையுங்கள். இல்லையென்றால் ஆரம்பத்தில் `>`, முடிவில் `<=` வையுங்கள். எந்த நாளுக்குப் போக வேண்டும் என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். `=` ஒரே ஒரு பக்கம்தான் இருக்க வேண்டும்.

தொடுவதற்கு முன்னால் தரவுத்தளத்தையும் பேட்ச் லாக்குகளையும் நிரலின் பழைய பதிப்பையும் பிரதி எடுத்து, பின்னால் எதுவும் மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பைக் கணக்கிட்டு, நிறுவனத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணத்துக்குத் தரும் சான்றிதழிலேயே ஹாஷ் மதிப்பு எழுத இடம் இருக்கிறது, நிபுணரும் ஒரு பகுதியில் கையெழுத்திட வேண்டும். திருத்திய பின் பழைய வரிகள் அழிந்துவிட்டால், 312-ல் எத்தனை உங்களுடையது என்று காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது. அவர்கள் எண்தான் நிற்கும். விடுபட்டதை மீண்டும் ஏற்றும்போது, பரிவர்த்தனை எண் ஏற்கெனவே ஏறியிருந்தால் நிரல் நிராகரிக்க வேண்டும். ஏற்றிய பின், 11 மாத பேட்ச்களின் கூட்டுத்தொகையும் வசூல் அட்டவணையின் கூட்டுத்தொகையும் பைசா வரை ஒத்துப்போகிறதா பார்த்து, அந்தத் தாளில் அவர்கள் கையெழுத்தை வாங்குங்கள்.

இதில் தாமதமும் கூடாது. அந்த நிறுவனம் கடன் தகவல் நிறுவனங்களுக்கு விவரம் அனுப்புகிறது என்றால், நேரத்துக்குக் கட்டியவர் அங்கே தவணை தவறியவராகக் கிடப்பார். அவர் புகார் கொடுத்து 30 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால், நாளுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நாளாக ஆக வளரும் உண்மையான நஷ்டம் இந்த வழக்கில் இதுதான். இதை வளர விட்டால் அந்தப் பழியும் உங்கள் மேல் விழும்.

அந்த மன்னிப்பு மெயில் போனது போனதுதான். இனி எதை எழுதினாலும், சமரசப் பேச்சு, உரிமைக்குப் பாதகமின்றி, சாட்சியமாகப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரிகூட வேண்டாம்.

பில்லுக்கு வருவோம். வேலையை ஒப்படைப்பதற்கு முன்பே உங்களிடம் சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இருந்திருந்தால் நல்ல பிடி. ஒப்படைத்த 15 நாளுக்குள் அவர்கள் எழுத்தில் ஆட்சேபிக்கவில்லை என்றால் ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் பார்க்கும். 45 நாளுக்கு மேல் நிறுத்திய தொகைக்கு, வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக ஏறும். ஆனால் இதை வைத்து வழக்குப் போடுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. நீங்கள் 5.5 லட்சம் கேட்டால் அவர்கள் எதிர்க் கோரிக்கையாக 18 லட்சம் வைப்பார்கள். முழுதும் ஜெயித்தாலும், இருவர் நடத்தும் நிறுவனம் வருடக்கணக்கில் அந்த வழக்கில் நிற்க முடியாது. இந்த வட்டியைப் பேச்சு மேஜையில் காட்டுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சமரசம் செய்யுங்கள். உங்கள் ஒப்பந்தத்தில் பொறுப்பு வரம்பு என்று ஒரு ஷரத்து இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பேரம் அந்த எண்ணிலிருந்துதான் தொடங்கும். வரம்பு இல்லை என்றாலும், திருத்தும் வேலையை இலவசமாகச் செய்து, அவர்கள் ஊழியர்கள் சரிபார்க்கச் செலவிட்ட நேரத்துக்கும் கடன் தகவல் திருத்தத்துக்கும் சேர்த்து ஒரு லட்சம் அளவில் கிரெடிட் நோட் கொடுத்து, மீதி 4.5 லட்சத்தை வாங்கிக்கொண்டு வந்தால் அது நல்ல முடிவு. ஒன்றரை வரை போனாலும் கையெழுத்துப் போடுங்கள். இரண்டுக்கு மேல் கேட்டால் பட்டியலை வரி வரியாகப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அந்தச் சமரசப் பத்திரத்தில் ‘மார்ச் 31 வரையிலான எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன’ என்று எழுத விடாதீர்கள். திருத்திய நிரல் ஏப்ரல் 3 மாலைதான் ஏறியது என்றால் நடுவில் மூன்று நாள் திறந்து கிடக்கும். திருத்திய நிரல் ஏறிய தேதி, மணி, அதற்குப் பிறகு ஓடிய முதல் பேட்ச்சின் எண் மூன்றையும் எழுதி, அந்தப் பேட்ச்சுக்கு முன் பதிவான எல்லா வசூலும் இதில் அடங்கும், கடன் வாங்கியவர்கள் பின்னால் கொண்டுவரும் கோரிக்கைகளும் அடங்கும் என்று சேருங்கள். கடன் வாங்கியவர்கள் கோரிக்கை பற்றிய வரிக்கு அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால், கிரெடிட் நோட்டைக் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.